ஒரு மாட்டுக்கு மூன்று பெயர்

குன்னூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. காலை ஏழரைக்குள் தமிழ்ப் பேப்பர்களின் நீலகிரிப் பக்கங்களைப் பார்த்து, வனவிலங்கு சம்பந்தப்பட்ட செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு விரிதாளில் தமிழில் மூன்று வாக்கியமாகச் சுருக்கி, பக்கத்துக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். தமிழ்ச் சுருக்கம் எங்கள் களப்பணியாளர்களுக்கு. ஆங்கில வரி தமிழ் தெரியாத இரண்டு மூன்று பேருக்கு. கேட்டால் பத்து நிமிட வேலை மாதிரி இருக்கும், நானும் அப்படித்தான் நினைத்துச் சேர்ந்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள், காட்டெருமை சம்பவம் இதுவரை எத்தனை என்று கேட்டார்கள். நான் விரிதாளில் `gaur` என்று தேடி 11 என்று சொல்லிவிட்டேன். அந்த எண் ஒரு கூட்டத்துக்கும் போய்விட்டது. மறுநாள் எங்கள் அலுவலக அக்கா (எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்) தாளை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து, "தம்பி, இங்க பைசன்னு ஒண்ணு இருக்கே, அது யாரு?" என்றார். `bison` என்று ஆறு வரி. இன்னும் கீழே `wild buffalo` என்று மூன்று வரி. எல்லாம் என் கையால் எழுதியவை. எல்லாம் ஒரே விலங்கு.

சரி, அப்படியானால் 11-உம் 6-உம் 3-உம் கூட்டி 20 என்று திருத்திவிடலாம் என்றால் அதுவும் தப்பு. தேதியையும் ஊரையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், மூன்று சம்பவங்கள் இரண்டு பேப்பரில் இரண்டு பெயரில் வந்திருந்தன. ஒருவர் காட்டெருமை என்று எழுதியதை நான் `wild buffalo` ஆக்கியிருக்கிறேன், இன்னொருவர் காட்டுமாடு என்று எழுதியதை `gaur` ஆக்கியிருக்கிறேன். ஆக என் கணக்குப்படி ஒரே காலையில் ஒரே தோட்டத்தில் ஒரே ஆளை இரண்டு வேறு விலங்குகள் முட்டியிருக்கின்றன. நாலாவது ஒன்று இன்னும் மோசம், அதைப் பிறகு சொல்கிறேன். உண்மையான எண் 16. நான் சொன்னதும் இல்லை, கூட்டினால் வருவதும் இல்லை.

இந்த ஒரு வரியை யாரும் ரசித்துப் படிக்கப்போவதில்லை, தேடப்போகிறார்கள், எண்ணப்போகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் தமிழய்யா சிவப்பு மையில் சுழிப்பார். இங்கே சொல்லை மாற்றி எழுதினால்தான் குற்றம்.

கையில் ஒரு செய்தி இல்லாமல் இதைப் பேச முடியாது. கீழே இருப்பது எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை, பத்துச் செய்திகளின் நடையைப் பார்த்து நானே எழுதியது. ஆனால் நீலகிரிப் பக்கம் படிப்பவர்களுக்கு எங்கோ படித்த மாதிரி இருக்கும்:

"நீலகிரி மாவட்டம் கோத்தகிரி மற்றும் அதன் சுற்றுவட்டாரப் பகுதிகளில் சமீபகாலமாக காட்டெருமைகளின் நடமாட்டம் அதிகரித்துள்ளது. உணவு, தண்ணீர் தேடி வரும் இவை தேயிலைத் தோட்டங்களில் முகாமிடுவதால் தொழிலாளர்கள் அச்சத்துடன் பணிக்குச் சென்று வருகின்றனர். இந்நிலையில் கோத்தகிரி அருகே தனியார் தேயிலைத் தோட்டத்தில் நேற்று காலை பசுந்தேயிலை பறித்துக்கொண்டிருந்த 46 வயது பெண் தொழிலாளியை, புதர் மறைவில் இருந்து திடீரென வெளியே வந்த காட்டுமாடு முட்டித் தள்ளியதில் படுகாயமடைந்த அவரை, சக தொழிலாளர்கள் மீட்டு கோத்தகிரி அரசு மருத்துவமனையில் சேர்த்தனர். முதலுதவிக்குப் பின் மேல்சிகிச்சைக்காக உதகை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டார். தகவலறிந்த வனத்துறையினர் சம்பவ இடத்துக்குச் சென்று விசாரணை நடத்தி வருகின்றனர். ஏற்கனவே கடந்த மாதம் இதே பகுதியில் காட்டெருமை தாக்கி ஒருவர் உயிரிழந்த நிலையில், காட்டெருமைகளை வனப்பகுதிக்குள் விரட்ட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்."

ஆரம்ப நாட்களில் இதற்கு நான் எழுதியிருக்கக்கூடிய வரி இப்படி இருக்கும்:

```
Wild buffalo rams woman plucking green tea near Kotagiri; rescued; another killed last month
```

இதில் தப்பில்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழைச் சுருக்க வேண்டுமே, அதைப் பார்ப்போம். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் செய்ததுதான் என் முதல் கோளாறு. தமிழ்ச் செய்தியிலிருந்து நேராக ஆங்கில வரிக்குத் தாவினால், எது நடந்தது, எது கோரிக்கை, எது பழைய கதை என்று பிரிக்கும் வேலை எங்கேயும் நடப்பதில்லை.

சுருக்குவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தந்த ஒருவர், வினைமுற்றுகளுக்கு அடியில் கோடு போடு, செய்தி அங்கேதான் இருக்கும் என்றார். நல்ல வழி என்று கோடு போட்டுப் பார்த்தேன். மேலே உள்ள செய்தியில் என்ன வருகிறது பாருங்கள்: அதிகரித்துள்ளது, சென்று வருகின்றனர், சேர்த்தனர், அனுப்பி வைக்கப்பட்டார், நடத்தி வருகின்றனர், விடுத்துள்ளனர். மாடு முட்டியது எங்கே? காணவில்லை. அது "முட்டித் தள்ளியதில்" என்று வாக்கியத்தின் நடு வயிற்றில் ஒரு எச்சம் மாதிரி ஒளிந்துகொண்டிருக்கிறது. தமிழ்ப் பேப்பர் வாக்கியம் பெரும்பாலும் அப்படித்தான், சம்பவம் நடுவிலும் அதற்கு அப்புறம் நடந்த நடைமுறை கடைசியிலும் வரும். சேர்த்தனர், விசாரித்து வருகின்றனர், அனுப்பி வைத்தனர் எல்லாம் எந்தச் செய்தியிலும் ஒட்டக்கூடிய வால்கள். அதனால் இப்போது நான் நீளமான வாக்கியத்தை எடுத்து, எச்சங்களையெல்லாம் முற்றாக்கித் துண்டு துண்டாக எழுதிவிடுகிறேன். பெண் இலை பறித்துக்கொண்டிருந்தார். காட்டுமாடு வெளியே வந்தது. முட்டியது. அவர் படுகாயமடைந்தார். சேர்த்தார்கள். இப்படி ஐந்தாக உடைத்தால் எது செய்தி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து போடுவேன். நடந்தது என்றால் ந, யாரோ சொன்னது என்றால் சொ, கேட்டது என்றால் கே, பின்னணி என்றால் பி. முதல் இரண்டு வாக்கியமும் பி. அவை எல்லாச் செய்தியிலும் இருக்கும், நடமாட்டம் அதிகரித்துள்ளது, அச்சத்துடன் சென்று வருகின்றனர், அவ்வளவுதான். தைரியமாக வெட்டலாம். மாடுகளை விரட்ட வேண்டும் என்பது கே. இதைக் கவனிக்காமல் "வனத்துறை மாடுகளை விரட்ட நடவடிக்கை" என்று சுருக்கினால், கேட்டது நடந்ததாக மாறிவிடும். சிறுத்தைச் செய்திகளில் இந்தத் தப்பு நிறைய. கூண்டு வைக்கக் கோரிக்கை என்பதும் கூண்டு வைக்கப்பட்டது என்பதும் ஒரு வரிக்குள் அடைக்கும்போது ரொம்பவே நெருங்கிவிடும்.

கடைசி வாக்கியத்தில் இருக்கும் "கடந்த மாதம் ஒருவர் உயிரிழந்த நிலையில்" என்பதுதான் மேலே பிறகு சொல்கிறேன் என்ற நாலாவது தப்பு. அது பி. அந்தச் சம்பவம் நடந்த மாதமே தாளில் ஏறியிருக்கும். உண்மையான ஒரு செய்தியில் இப்படி வந்ததை நான் புதுச் சம்பவமாக நினைத்து இன்னொரு வரி போட்டதில், ஒரே மனிதரை இரண்டு தடவை சாகடித்திருந்தேன். அக்கா அதைக் கண்டுபிடித்தபோது எதுவும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"கூறப்படுகிறது" பற்றியும் ஒரு வார்த்தை. இந்தச் செய்தியில் அது இல்லை, இருந்தால் சுருக்கத்திலும் இருந்தாக வேண்டும். இரவில் யாரும் பார்க்காதபோது ஆடு செத்துக் கிடந்து, சிறுத்தை கடித்ததாகக் கூறப்படுகிறது என்று எழுதியிருந்தால், அந்த ஒரு சொல்லை இடத்துக்காக வெட்ட எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை. மற்றபடி வயது, புதர், திடீரென, சக தொழிலாளர்கள் எல்லாம் இடம் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும்.

"நேற்று" என்பதைத் தேதியாக்கிவிட வேண்டும். ஜூன் 12 பேப்பரில் நேற்று என்றால் ஜூன் 11. ஆனால் அதே செய்தி இணையத்தில் 11-ஆம் தேதி மாலையே வேறு சொல்லோடு ஏறியிருக்கும், அங்கே "இன்று காலை" என்று இருக்கும். இதைச் சரியாகப் போடாவிட்டால் ஒரு சம்பவம் இரண்டு நாளில் நடந்ததாகிவிடும், இரட்டைக் கணக்குக்கு அது இன்னொரு வாசல்.

ஆகக் கடைசியில் நிற்கும் தமிழ்ச் சுருக்கம் இது:

"கோத்தகிரி அருகே தனியார் தேயிலைத் தோட்டத்தில் ஜூன் 11 காலை இலை பறித்துக்கொண்டிருந்த 46 வயதுப் பெண் தொழிலாளியைக் காட்டுமாடு முட்டியது. படுகாயமடைந்த அவர் கோத்தகிரியில் முதலுதவிக்குப் பின் ஊட்டி அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். வனத்துறை விசாரிக்கிறது, மாடுகளைக் காட்டுக்குள் விரட்ட ஊர்மக்கள் கேட்கிறார்கள்."

இப்போது ஆங்கிலம். இங்கேதான் சொல் பட்டியல் வேலைக்கு வருகிறது. எங்கள் பட்டியல் பெரிதெல்லாம் இல்லை, அறுபது சொல் இருக்கும், விரிதாளின் இரண்டாவது பக்கத்தில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். தமிழ்ப்பக்கம் எத்தனை சொல் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆங்கிலப்பக்கம் ஒன்றே ஒன்றுதான். காட்டெருமை, காட்டுமாடு, காட்டெருது மூன்றும் ஒரே கட்டத்தில், எதிரே `gaur`.

இது எடுத்த எடுப்பில் முடிவானதில்லை. ஊட்டி, குன்னூர்ப் பக்கம் ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லோரும் பைசன் என்றுதான் சொல்வார்கள், தோட்டத்துத் துரைகள் காலத்துப் பழக்கம். பைசன் என்றால் படிப்பவருக்குப் புரியும்தான், ஆனால் அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வேறு விலங்கு. வைல்டு பஃபலோ என்பதை நிச்சயமாக விட்டுவிட வேண்டும். உண்மையான காட்டு நீரெருமை இந்தியாவில் பெரும்பாலும் அசாம் பக்கம் இருப்பது, நீலகிரியில் கிடையாது. இங்கே எருமை என்றால் தோடர் பழங்குடியினர் வளர்க்கும் தோடர் எருமை இருக்கிறது, மேட்டுப் புல்வெளியில் தன் போக்கில் மேய்வது, வெளியூர்க்காரர் பார்த்தால் காட்டு விலங்கு என்றே நினைப்பார். காட்டெருமை என்ற சொல்லில் எருமை இருக்கிறதே என்று நான் அப்படியே பெயர்த்தபோது, தூரத்தில் உட்கார்ந்து படித்த ஒருவர் தோடர் எருமைதான் ஆளை முட்டுகிறது என்று புரிந்துகொண்டார். அவர் மேல் தப்பில்லை.

சிறுத்தை இதற்கு நேர் தலைகீழ். மூன்று தமிழ்ச் சொல், ஒரு விலங்கு என்பது போய், இங்கே ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று கதவு திறக்கிறது: லெப்பர்டு, பேந்தர், சீட்டா. சீட்டா இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது, 2022-இல் மத்தியப் பிரதேசத்தின் குனோவில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், தமிழில் அதற்குச் சிவிங்கிப்புலி என்றும் எழுதினார்கள். குன்னூர் பாலத்தடியில் நாய் பிடிக்க வருவது சீட்டா இல்லை. எங்கள் பட்டியலில் `leopard`, கருஞ்சிறுத்தைக்கு `black leopard`. கரும்பேந்தர் என்று எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டார். அது நிறம் மாறிய அதே சிறுத்தைதான், `leopard` என்று தேடும்போது அதுவும் வர வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

ஊர்ப்பெயரும் அப்படியே. ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே பேப்பரில் ஒரே நாளில் வரும். எங்களுக்கு `Ooty`. கூடலூர் விஷயத்தில் இன்னும் கவனம், தேனி மாவட்டத்திலும் கூடலூர் இருக்கிறது, கோவைப் பக்கமும் இருக்கிறது, மூன்று இடத்திலும் யானைச் செய்தி வரும். அதனால் எங்கே நடந்தாலும் தாலுகா பெயரைப் போடுகிறோம். "அருகே" என்று பேப்பரில் இருப்பது அரை கிலோமீட்டரும் ஆகலாம், பதினைந்து கிலோமீட்டரும் ஆகலாம், தாலுகாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பசுந்தேயிலை என்னைப் பல நாள் ஏமாற்றியது. பசுமை, தேயிலை, ஆகவே கிரீன் டீ. குன்னூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதியிருக்கிறேன் என்பது வெட்கம்தான். கிரீன் டீ என்பது தயாரித்த தூளில் ஒரு வகை. செடியில் பறித்து ஃபேக்டரிக்குப் போகும் இலைக்குத் தொழிலில் கிரீன் லீஃப் என்றே பெயர், தூளாகி வெளியே வந்தால் மேட் டீ. அந்தப் பெண் பறித்துக்கொண்டிருந்தது கிரீன் லீஃப். நம் வரியில் அது வேண்டவே வேண்டாம், `tea worker` போதும்.

தோட்டம் என்பதற்கு முதலில் எஸ்டேட் என்று வைத்திருந்தோம். அக்காதான் மாற்றச் சொன்னார். தனியார் தேயிலைத் தோட்டம் என்று பேப்பரில் வருவது ஒரு ஏக்கர் சிறு விவசாயியின் நிலமாகவும் இருக்கலாம். எஸ்டேட் என்றால் அங்கே லைன் வீடு, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர், வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், டிஸ்பென்சரி எல்லாம் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும், அடிபட்டவருக்கு நிர்வாகம் பொறுப்பா இல்லையா என்பதே அதில் மாறும். அளவு தெரியாதபோது `tea garden`. பெயரோடு எஸ்டேட் என்று செய்தியிலேயே இருந்தால் மட்டும் `estate`.

"மீட்டு" என்பது இன்னொரு வேடிக்கை. ஆளை மீட்டு என்றால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடலை மீட்டு என்றாலும் அதே சொல்தான். இரண்டுக்கும் ரெஸ்க்யூ என்று போட்டால் பிணத்தைக் காப்பாற்றியதாக வரும், அப்படி ஒரு வரியும் என் தாளில் இருந்தது. காட்டுமாடு விஷயத்தில் மாடு காப்பாற்றப்பட்டதாகவும் அர்த்தம் வரலாம், என் பழைய வரியில் `rescued` யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். இப்போது ஆளுக்கு `admitted` அல்லது `referred`, உடலுக்கு `body recovered`. விசாரணை வனத்துறை செய்தால் `inquiry`, போலீஸ் செய்தால் `investigation`, கோர்ட்டில் என்றால் `hearing`. வனத்துறையினரை ஃபாரஸ்டர்ஸ் என்று எழுதக் கூடாது, ஃபாரஸ்டர் என்பது வனவர் என்ற தனிப் பதவி.

வினைக்கும் ஐந்து மட்டுமே வைத்திருக்கிறோம்: `kills`, `injures`, `damages`, `sighted`, `captured`. முட்டியது, தாக்கியது, மிதித்தது, கடித்தது எல்லாம் விளைவைப் பொறுத்து முதல் இரண்டில் ஒன்று. ரசனையெல்லாம் தமிழ்ச் சுருக்கத்தோடு நிற்கட்டும். படுகாயம் என்றால் முன்னால் `seriously` சேரும். ஒரே சம்பவத்தில் ஒருவர் இறந்து இருவர் காயம் என்றால் வினை `kills`, மற்றது எண்ணாக மட்டும், `2 hurt` என்று வால் பக்கம் போகும். வரிசையும் மாறக் கூடாது, தேதி, தாலுகா, விலங்கு, வினை, யாரை, எங்கே, இப்போதைய நிலை. அப்படிப் பார்த்தால் நம் செய்திக்கு:

```
11 June, Kotagiri taluk: Gaur seriously injures woman tea worker in private tea garden; referred to Ooty; Forest Dept inquiry on
```

கொஞ்சம் மரக்கட்டை மாதிரிதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கோரிக்கை இதில் இல்லை, அது தமிழ்ச் சுருக்கத்தில் இருக்கிறது, தேவைப்படுபவர் கேட்பார்.

மாதக் கடைசியில் சரிபார்க்க இரண்டு வேலை. ஒன்று இயந்திரத்தனமானது. ஆங்கில வரி D நிரலில் இருக்கிறது என்றால்:

```
=COUNTIF(D:D,"*gaur*")
```

இதே மாதிரி ஐந்து வினைக்கும் எண்ணி, ஐந்தையும் கூட்டினால் மொத்த வரி எண்ணிக்கை வர வேண்டும். குறைந்தால் எங்கோ `attacks` என்றோ `spotted` என்றோ நான் பழக்கதோஷத்தில் எழுதியிருக்கிறேன். கூடினால் ஒரு வரியில் இரண்டு வினை புகுந்திருக்கிறது. எங்கே என்று சொல்லாது, ஆனால் தேடு என்று சொல்லும். எழுத்துப் பிழைக்கும் இதே வலைதான், `injurs` என்று அடித்தால் கணக்கில் ஒன்று உதைக்கும். இரட்டைப் பதிவு மட்டும் இதில் சிக்காது, அதற்குத் தேதி, தாலுகா, விலங்கு மூன்றையும் வைத்து வரிசைப்படுத்திக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று அக்காவின் வேலை. தமிழ்க் கட்டத்தை மறைத்துவிட்டு ஆங்கில வரியை மட்டும் படித்து, எந்த விலங்கு, எந்த ஊர், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தமிழில் திருப்பிச் சொல்வார். அவருடைய ஆங்கிலம் சுமார்தான், அதனால்தான் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் வரியில் இல்லாததையும் தானே நிரப்பிக்கொள்வார். அக்கா தடுக்கினால் வரி தடுக்குகிறது என்று அர்த்தம்.

இன்னமும் எங்களுக்குள் தீராத சொல் ஒன்று உண்டு, "நடமாட்டம்". சிறுத்தை நடமாட்டம் என்று தலைப்பு வந்தால், யாராவது பார்த்தார்களா, சிசிடிவியில் பதிவானதா, வெறும் கால்தடமா, அல்லது நாய் ஒன்று காணாமல் போனதை வைத்து ஊரில் பேசிக்கொள்கிறார்களா என்று செய்தியை முழுக்கப் படித்தாலும் பல தடவை தெரியாது. முதல் இரண்டும் `sighted`, அதில் சண்டை இல்லை. மற்றதற்கு `signs` என்று ஆறாவதாக ஒரு சொல் சேர்க்கலாம் என்பது என் கட்சி. நாய் காணாமல் போனதையெல்லாம் எதற்குத் தாளில் ஏற்றுகிறாய் என்பது அக்காவின் கட்சி. போன வியாழக்கிழமை வந்த அப்படி ஒரு வரி இன்னும் மஞ்சள் நிறமடித்து அப்படியே கிடக்கிறது.